நிறைவுப் போட்டியும் நம்ம ஊர்ச் சந்தையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் மேல்நிலை மாணவர்களுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மா பிறந்த வீடு பூதப்பாண்டி பக்கம். மாமா அங்கே வெண்டையும் பாவலும் போடுகிறார். அதனால் பகலில் மாணவர்களும் ராத்திரியில் மாமாவின் கூட்டாளிகளும் ஒரே சந்தேகத்தை வேறு வேறு வார்த்தையில் கேட்டுவிடுகிறார்கள். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். காய், கூலி, கமிஷன் பற்றிய ரூபாய்க் கணக்கெல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டுக்கொண்டவை, இன்றைய சந்தை நிலவரம் அல்ல.

சார், வடசேரி மார்க்கெட்ல விடியக்காலம் அத்தன பேரு சத்தம் போட்டு விக்காங்க. அதத்தான் நிறைவுப் போட்டின்னு சொல்லுகாங்களா?

சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நிறைவுப் போட்டியில் ஒருவன் இன்னொருவனை எதிரியாக நினைக்க வேண்டிய அவசியமே கிடையாது. மாமா 200 கிலோ வெண்டைக்காய் கொண்டுவருகிறார், அடுத்த தோட்டக்காரரும் 200 கிலோ கொண்டுவருகிறார். சந்தைக்கு மொத்தம் பல டன் வந்து இறங்கும்போது அவருடைய 200 கிலோ வந்தாலும் வராவிட்டாலும் விலை அசையாது. அதனால்தான் இருவரும் ஒரே வண்டியில் பேசிக்கொண்டே வர முடிகிறது. இரண்டு செல்போன் கம்பெனிக்காரர்களை அப்படி ஒரே வண்டியில் உட்கார வைத்துப் பாருங்கள்.

புத்தகம் சொல்வது இவ்வளவுதான்: விற்பவர், வாங்குபவர் இரண்டு பக்கமும் நிறையப் பேர் இருக்க வேண்டும். சரக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும். புதிதாக வருவதற்கும் விட்டுப் போவதற்கும் தடை இருக்கக் கூடாது. விலை எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால் ஒவ்வொருவரும் ‘விலை ஏற்பவர்’ ஆகிவிடுவார், அதாவது சந்தை சொல்லும் விலையை எடுத்துக்கொள்ளலாம் அல்லது வீட்டுக்குப் போகலாம்.

சோப்பு, பிஸ்கட்டுக்கும் கம்பெனி நிறைய உண்டே. எதுக்கு எப்பப் பாத்தாலும் நெல்லையும் காய்கறியையும் உதாரணம் சொல்லணும்?

சோப்புக்குப் பெயர் உண்டு, வெண்டைக்காய்க்குப் பெயர் கிடையாது. தாழக்குடியில் விளைந்த வெண்டையையும் பூதப்பாண்டியில் விளைந்ததையும் கலந்து கொட்டினால் வளர்த்தவனாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. நெல்லும் அப்படித்தான். அம்பை 16 என்றால் எந்த வயலில் அறுத்தாலும் அம்பை 16தான். பெயர் இல்லாத சரக்குக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்க வழியில்லை.

பெயர் வந்த கணமே கதை மாறிவிடும். நம் மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மட்டியும் செந்துளுவனும் ஏத்தனும் ஒரே பொருள் அல்ல, தனித்தனிச் சந்தைகள். அதனால் பழத்தை இந்த மாடலில் வைக்கும்போது ‘வாழைப்பழம்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த ரகம் என்று சொல்லுங்கள்.

ஆறு மணிக்கு 30 ரூவா சொன்ன காய், எட்டரைக்கு 18 ஆயிட்டு. இந்த வெலய யாரு வைக்கா?

தனியாக யாரும் வைப்பதில்லை, அதுதான் இதில் வேடிக்கை. விடிவதற்குள் சரக்கு எல்லாம் இறங்கிவிட்டது. இனி விலை ஏறினாலும் இன்றைக்கு இன்னும் ஒரு கிலோ பறித்துக் கொண்டுவர முடியாது. இறங்கினாலும் திருப்பிக் கொண்டுபோய்ச் செடியில் ஒட்ட முடியாது. அன்றைய அளிப்பு நேர்குத்துக் கோடு. பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் இப்படிப்பட்ட ஒரு நாள் விலையை விளக்க மீன் சந்தையை எடுத்துக்கொண்டார். குளச்சல்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம்.

அளிப்பு அசையாதபோது விலை முழுவதும் வாங்குகிறவர்கள் கையில். கேரளத்துக்குப் போகும் வண்டிக்காரர்கள் முதலில் எடுப்பார்கள், பிறகு ஓட்டல், பிறகு சில்லறைக் கடை. எட்டு மணிக்கு மேல் தரையில் குவியல் மிச்சம் இருந்தால் நாளைக்கு அது வாடிய காய் என்பது இரண்டு பக்கமும் தெரியும், விலை சரியும். களியக்காவிளைக்கு அப்பால் ஹர்த்தால் என்று ஒரு செய்தி வந்தால் போதும், எந்த விவசாயியும் எந்தத் தப்பும் செய்யாமலேயே அன்று விலை விழுந்துவிடும்.

சார், விவசாயியோட தேவைக் கோடு படுத்த கோடுன்னு புக்ல இருக்கு. ஆனா வெல கொறஞ்சா சனங்க கூடுதல் வாங்கத்தானே செய்வாங்க? ரெண்டுல எது சரி?

இரண்டும் சரி. கோடு இரண்டு. சந்தை முழுவதற்குமான தேவைக் கோடு சரிந்துதான் இருக்கும். மாமா ஒருவருக்கு மட்டும் தெரியும் கோடு படுத்திருக்கும், ஏனென்றால் சந்தை விலை 20 என்றால் அவர் 50 கிலோ கொண்டுவந்தாலும் 300 கிலோ கொண்டுவந்தாலும் 20தான். 21 கேட்டால் ஒரு கிலோ கூடப் போகாது, 19க்குக் கொடுக்கக் காரணமே இல்லை. பரீட்சையில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். பாதிப் பேர் ஒரே படத்தில் இரண்டையும் திணித்துவிட்டு மதிப்பெண் போச்சு என்கிறார்கள்.

கிலோ எட்டு ரூவாய்க்கு வெண்டக்கா விக்கதுக்கு, பேசாம செடியிலயே விட்டுட்டா என்ன? வளக்க 20 ரூவா ஆச்சே?

அந்த 20 ரூபாயை மறந்துவிடுங்கள். விதை, உரம், உழவு எல்லாம் போட்ட பணம், பறித்தாலும் பறிக்காவிட்டாலும் திரும்பாது. இன்று காலை எடுக்கும் முடிவுக்கு இன்று செலவாகும் பணம்தான் கணக்கு. பறிப்புக் கூலி கிலோவுக்கு 3 ரூபாய், வண்டி, சாக்கு, இறக்குக் கூலி சேர்த்து 2 ரூபாய் என்று வையுங்கள், ஆக 5. கமிஷன் பத்து சதவீதம் போனால் 8 ரூபாய் காய்க்குக் கையில் 7.20 வரும். 5 போக 2.20 மிச்சம். பறியுங்கள். விலை 5 ரூபாய் என்றால் கையில் 4.50, பறித்தால் கிலோவுக்கு 50 பைசா கைநஷ்டம். எல்லைக்கோடு 5.55க்குப் பக்கத்தில் வருகிறது. பாடத்தில் வரும் ‘சராசரி மாறும் செலவுக்குக் கீழே விலை போனால் உற்பத்தியை நிறுத்து’ என்ற விதி இதுதான்.

இதை ஒருநாள் மாமாவிடம் பெருமையாக விளக்கினேன். சிரித்துவிட்டார். “மருமவனே, வெண்டைய பறிக்காம விட்டா முத்திப் போவும். முத்துன காய் செடியில கெடந்தா புதுசா பூவும் பிஞ்சும் கொறையும். வெல இல்லன்னாலும் பறிச்சு மாட்டுக்குப் போடணும்.” ஆக இன்றைய பறிப்புக் கூலியில் ஒரு பகுதி அடுத்த வாரக் காய்க்கான முதலீடு. விலை 5க்குக் கீழே போன நாளிலும் காய் சந்தைக்கு வருவதற்கு இது ஒரு காரணம். எப்படியும் பறித்தாயிற்று, பறிப்புக் கூலியும் போயிற்று, இனி வண்டிச் செலவுக்கு மேல் எது கிடைத்தாலும் லாபம். பூசணி, தடியங்காய் போன்றவற்றுக்கு இந்த நெருக்கடி இல்லை, அவை கொஞ்ச நாள் காத்திருக்கும்.

நல்லா வெளஞ்ச வருசந்தான் கடன் கூடுது. இது என்ன கொடும?

மாடல் பொய் சொல்லாத இடம் இது, கசப்பாக இருந்தாலும். விலை பாதியானாலும் வீட்டில் யாரும் இரண்டு மடங்கு பாவக்காய் தின்னப் போவதில்லை. வரத்து 100 குவிண்டாலாக இருந்தபோது கிலோ 30 என்றால் எல்லா விவசாயிகளுக்கும் சேர்த்து 3 லட்சம். வரத்து 120 ஆகி விலை 20க்கு விழுந்தால் 2.4 லட்சம். காய் கூடியது, பணம் குறைந்தது. தேவை நெகிழ்ச்சி குறைவான எந்தப் பொருளுக்கும் இதே கதிதான்.

‘அப்படியானால் எல்லாரும் கொஞ்சம் குறைத்துப் போடலாமே’ என்பார்கள். ஒருவர் மட்டும் குறைத்தால் விலை ஏறாது, அவருடைய வருமானம்தான் குறையும் (முதல் கேள்வியின் பதிலைப் பாருங்கள்). வரத்து தானாகக் குறையும்போதும் லாபம் சமமாகப் போகாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தில் வாழைகளைச் சாய்த்தது. குலை குறைந்தால் விலை ஏறும் என்பது சரிதான், ஆனால் அந்த விலை வாழை நிற்கிறவனுக்கு. விழுந்தவனுக்கு விற்க ஒன்றுமில்லை.

ஓணத்துக்கு ஏத்தன் வெல ஏறும்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் எதுக்கு சில வருசம் வெல கவுந்து போவுது?

ஓணம் எப்போது வரும் என்பது தெரியும், எத்தனை பேர் ஏத்தன் நட்டிருக்கிறார்கள் என்பதுதான் தெரியாது. ஏத்தன் குலை வெட்ட ஏறக்குறைய பத்து மாதம் ஆகும், எனவே ஆவணிக் குலைக்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகையிலேயே கன்று இறங்க வேண்டும். அப்போது கையில் இருக்கும் தகவல் போன ஓணத்து விலை மட்டுமே. அது நன்றாக இருந்தால் எல்லாரும் கூட்டிப் போடுவார்கள், வயநாட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் அதே கணக்கைப் போட்டிருப்பார்கள், குலைகள் ஒன்றாக வந்து இறங்கும். விலை விழும், அடுத்த முறை குறைத்துப் போடுவார்கள், மறுபடி ஏறும். படமாக வரைந்தால் சிலந்தி வலை மாதிரி வரும். நிக்கோலஸ் கால்டர் என்ற பொருளியலாளர் 1934இல் இதற்கு அந்தப் பெயரையே வைத்தார்.

‘விலை எல்லாருக்கும் தெரியும்’ என்ற அனுமானம் உடையும் முதல் இடம் இது. மாடலுக்கு வேண்டியது இன்றைய விலை மட்டுமல்ல, அறுவடை நாளின் விலையும்.

இப்பம்தான் எல்லார் கையிலயும் செல்போன் இருக்கே. தகவல் பிரச்சன தீந்திருக்கணும்லா?

இன்றைய விலையைப் பொறுத்தவரை பெரும்பாலும் தீர்ந்தது. பக்கத்து மாநிலத்திலேயே இதற்கு அருமையான சான்று உண்டு. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் வட கேரளக் கடற்கரையில் மத்தி மீன் சந்தைகளை 1997 முதல் 2001 வரை கவனித்தார். செல்போன் வருவதற்கு முன் ஒரு கரையில் மீன் வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டுவார்கள், சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரி வெறுங்கையோடு திரும்புவார். செல்போன் கோபுரம் வந்ததும் படகிலிருந்தே விசாரித்துக் கரையேறத் தொடங்கினார்கள். கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது, மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் கூடியது, வாங்குபவருக்கு விலையும் சற்றுக் குறைந்தது.

ஆனால் படகை எந்தக் கரைக்கும் திருப்பலாம். விலை தெரிந்தும் திருப்ப முடியாதவனுக்குத் தகவல் எதற்கு? அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

தம்பி, நான் கமிஷன் கடையில அட்வான்ஸ் வாங்கியிருக்கேன். வேற கடையில ரெண்டு ரூவா கூட கெடச்சாலும் அங்க போட முடியாது. இதும் போட்டிதானா?

இல்லை. என் கணக்கில் காய்கறிச் சந்தையில் மாடல் மிக மோசமாக உடைவது இங்கேதான். பாடநூல் இதைத் தொடுவதே இல்லை. கடன் சந்தையும் காய் சந்தையும் இங்கே ஒரே முடிச்சில் கட்டப்பட்டுவிடுகின்றன. சந்தையில் முப்பது கடை இருக்கலாம், உங்களுக்கு இருப்பது ஒரு கடை.

உங்களுக்கு என்ன செலவாகிறது என்று போட்டுப் பாருங்கள். 50,000 ரூபாய் அட்வான்ஸ், வட்டி இல்லை என்றுதான் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 4,000 கிலோ காய் போட்டீர்கள். வெளிச்சந்தையை விடக் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் குறைவாகப் போட்டார்கள் என்றால் 6,000 ரூபாய் போயிற்று. 50,000க்கு ஆறு மாதத்தில் 6,000 என்றால் ஆண்டுக்கு 24 சதவீத வட்டி. கிசான் கடன் அட்டையில் பயிர்க்கடனுக்கு 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4. இத்தனைக்கும் நான் கடைக்காரரைக் கொள்ளைக்காரர் என்று சொல்லத் தயாரில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கேட்டாலும் பத்திரம் இல்லாமல் எடுத்துக் கொடுப்பவர் அவர், புயல் வந்தால் கடன் மூழ்கும் ஆபத்தும் அவருக்கே. ஆனால் அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை தெரிந்து கொடுக்க வேண்டும்.

உங்களுக்கு உண்மையிலேயே குறைகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கடன் இல்லாத ஒருவர், அதே காலையில், அதே தரக் காயை விற்ற சீட்டையும் உங்கள் சீட்டையும் பத்து நாள் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் வித்தியாசம் எதையும் சொல்லாது. பத்து நாளும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது வட்டி. எடையையும் சேர்த்துப் பாருங்கள், சில இடங்களில் விலையைத் தொடாமல் கழிவு என்று கிலோவில் கைவைப்பார்கள்.

எனக்கு 18 ரூவா, கடையில 40 ரூவா. இடையில உள்ளவன் தின்னுட்டுப் போறான்னுதானே அர்த்தம்?

உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். உங்கள் காய் 20க்குப் போனது, கமிஷன் போக உங்களுக்கு 18. சில்லறைக்காரர் 20 கொடுத்து, கூலியும் ஆட்டோவும் சேர்த்து 3 செலவழித்தால் 23 ஆகிறது. 100 கிலோ வாங்கினால் வாடியது, சொத்தை, ஒடிந்தது என்று 15 கிலோ போகும். 2,300 ரூபாயை மிச்சமுள்ள 85 கிலோவில் போட்டால் அடக்க விலையே 27. மிச்சம் 13 ரூபாயில் கடை வாடகை, மின்சாரம், காலை நாலு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கும் அவருடைய கூலி. இதில் அநியாய லாபம் இருந்தால் தள்ளுவண்டிகள் முளைத்து அதைத் தின்றுவிடும், ஏனென்றால் தள்ளுவண்டி போடப் பெரிய முதல் வேண்டாம். தடையில்லாத நுழைவு சில்லறையில்தான் ஓரளவு நிஜமாக இருக்கிறது.

சந்தேகப்பட வேண்டிய அடையாளம் வேறு. மொத்த விலை ஏறினால் அன்றே சில்லறை விலை ஏறுகிறது, மொத்த விலை இறங்கினால் சில்லறை இறங்க நாலு நாள் ஆகிறது என்றால் அங்கே போட்டி முழுசாக இல்லை. கடை கடையாக விலை விசாரித்துத் திரிய யாருக்கும் நேரமில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

உழவர் சந்தையில போட்டா முழுப் போட்டி வந்துருமா?

இடைத்தட்டு போகும், அவ்வளவுதான். அங்கே விலையைப் பேரமோ ஏலமோ தீர்மானிப்பதில்லை. மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, சில்லறைக்குக் கீழே என்று பார்த்து அதிகாரிகள் காலையில் பலகையில் எழுதுகிறார்கள். விற்க அடையாள அட்டை வேண்டும், அதுவும் நுழைவுக் கட்டுப்பாடுதான். கிலோ கிலோவாக நின்று விற்க ஆள் உள்ள வீட்டுக்கு நல்ல இடம். 300 கிலோ கொண்டுவருபவருக்கு ஒத்துவராது.

அப்பம் நெல்லு? அதுக்கு அரசாங்க வெலன்னு ஒண்ணு இருக்கே.

நெல் கெட்டுப்போகாது, பத்தாயத்தில் காத்திருக்கும், அதனால் காய்கறியை விட மாடலுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். ஆனால் வாங்குகிறவர்களில் ஒருவர் அரசு. 2025-26 பருவத்துக்குத் தமிழ்நாட்டில் ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500, சன்ன ரகம் 2,545 ரூபாய். அந்த விலைக்கு வாங்கும்வரை விவசாயிக்குத் தெரியும் தேவைக் கோடு உண்மையிலேயே படுத்த கோடு. போட்டி செய்ததல்ல, அரசாணை செய்தது.

அந்தக் கோட்டைத் தொட ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கன்னிப்பூப் பருவ அறுவடையில் மழை பிடித்தால் அதுவே சிக்கல். 22 சதவீத ஈரத்தில் 100 கிலோ இருந்தால் அதில் நெல் 78 கிலோ, நீர் 22. அதை 17க்குக் காய வைத்தால் எடை 94 கிலோவாகக் குறையும், கொள்முதல் நிலையத்தில் கிடைப்பது 2,350 ரூபாய். களத்துமேட்டிலேயே ஈர நெல்லுக்கு வியாபாரி கிலோ 21 கொடுத்தால் 2,100. வித்தியாசம் 250 ரூபாய். நல்ல வெயில் என்றால் காய வைப்பவர் ஜெயித்தார். களம் இல்லாமல் ரோட்டில் பரப்பி, இரண்டு நாள் மழையில் நெல் முளைவிட்டால் அந்த 250க்கு ஆசைப்பட்டவர் மொத்தத்தையும் இழப்பார். வியாபாரி வாங்குவது நெல்லை மட்டுமல்ல, அந்தப் பயத்தையும் சேர்த்து.

நாங்க பாவக்கா போடுகவங்க எல்லாம் சேந்து 30க்குக் கொறஞ்சு தரமாட்டோம்னு நின்னா?

ஒரு வாரம் நிற்கலாம். பாவக்காய் பழுக்க ஆரம்பிக்கும், யாராவது ஒருவர் பின்வாசல் வழியாக 28க்குக் கொடுப்பார். அவர் கொடுக்காவிட்டாலும் ஒட்டன்சத்திரத்திலிருந்தோ பாவூர்சத்திரத்திலிருந்தோ வண்டி வந்துவிடும். விற்பவர் ஏராளம், நுழைவு திறந்த கதவு என்பதால் விலையைத் தூக்கிப் பிடிப்பது ஆகாத காரியம்.

சேர்வதால் ஆகக்கூடியது வேறு. 200 கிலோவுக்குத் தனி ஆட்டோ 600 ரூபாய் என்றால் கிலோவுக்கு 3. பத்துப் பேர் சேர்ந்து 2,000 கிலோவுக்கு ஒரு வண்டியை 2,000 ரூபாய்க்குப் பிடித்தால் கிலோவுக்கு 1. அந்த 2 ரூபாய் யாரிடமும் கெஞ்சாமல் கையில் நிற்கும். தவிர, முழு வண்டிச் சரக்கோடு போகிறவர் வடசேரியில் விலை சரியில்லை என்றால் திருவனந்தபுரம் சாலை மார்க்கெட்டுக்குக்கூட வண்டியைத் திருப்பலாம், ஜென்சனின் மீனவர்கள் படகைத் திருப்பியது போல. அட்வான்ஸ் வாங்காத பத்துப் பேராக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மாமா இன்னும் ஏழு பேரைத்தான் பிடித்திருக்கிறார்.